பேஸ் அதிகம் உள்ள ஹெட்போனில் பாடகர் ஏன் சுவருக்குப் பின்னால் நிற்கிறார்?

கல்லணை — 2024 பிப்ரவரி 4, இரவு 10.20

பெட்டியில் "எக்ஸ்ட்ரா பேஸ்" என்று பெரிதாகப் போட்டிருந்த மூடிய ஹெட்போன் ஒன்றைப் பொங்கல் சமயத்தில் 2,900 ரூபாய்க்கு வாங்கினேன். சினிமாப் பாட்டுக்குப் பிரமாதம். ஆனால் நான் பாதி நேரம் கேட்பது கச்சேரிப் பதிவு. அதில் மிருதங்கத்தின் இடது முகமான தொப்பியில் அடி விழும்போதெல்லாம் பாடகர் ஒரு சுவருக்குப் பின்னால் போய்விடுகிறார். தொப்பி ஓய்ந்ததும் திரும்ப வருகிறார். சாகித்யத்தில் பாதி காதில் விழவில்லை.

நண்பனின் ஹெட்போன் நேர் எதிர். கணீர் என்று இருக்கிறது, சொல் ஒவ்வொன்றும் தெளிவு. ஆனால் அரை மணி நேரத்துக்கு மேல் காதில் வைக்க முடியவில்லை. "ஸ" வரும் இடமெல்லாம் ஊசி.

அதனால் என் கட்சி இதுதான்: குரல் கேட்கிறவர்களுக்கு பேஸ் அதிகமான டியூனிங்கும் வேண்டாம், பிரைட்டும் வேண்டாம். பேலன்ஸ்டு என்று எழுதியிருப்பதை வாங்கினால் போதும். சரியா? 5,000 ரூபாய்க்குள் இன்னொன்று வாங்கப் போகிறேன்.

நேர்கோடு — பிப்ரவரி 4, இரவு 11.05

சரி. பேஸைத் தூக்கி வைப்பது பாட்டில் இல்லாததைச் சேர்ப்பது. விமர்சனத் தளங்களில் ஒவ்வொரு ஹெட்போனுக்கும் கிராஃப் போடுவார்கள். 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 வரை கோடு நேராக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நேர்கோடு என்றால் பேலன்ஸ்டு. இடது பக்கம் தூக்கியிருந்தால் பேஸ், வலது பக்கம் தூக்கியிருந்தால் பிரைட். இதற்கு மேல் இதில் எதுவும் இல்லை.

பெருங்களத்தூர் — பிப்ரவரி 5, காலை 8.15

எனக்கும் இதே பிரச்சினை. நான் பேசினால் எதிர்முனையில் இருப்பவருக்கு என் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவது போல இருக்கிறதாம். பேலன்ஸ்டு வாங்கினால் சரியாகுமா? ரயிலில்தான் அதிகம் பேசுவேன்.

கல்லணை — பிப்ரவரி 5, காலை 8.40

அது மைக் விஷயம் நண்பரே. உங்கள் குரல் அவர்களுக்கு எப்படிப் போகிறது என்பதற்கும், பாட்டு உங்கள் காதுக்கு எப்படி வருகிறது என்பதற்கும் தொடர்பில்லை. அதே ஹெட்போனில் பாட்டு எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள், ரயிலில் கேட்பது பற்றி எனக்கும் தெரிய வேண்டும்.

மிக்ஸர் மேசை — பிப்ரவரி 5, இரவு 9.50

இருபது வருடமாகத் திருச்சிப் பக்கம் கச்சேரிக்கு ஒலி அமைக்கிறேன். கல்லணை, நீங்கள் எந்த பேஸைக் குறை சொல்கிறீர்கள்? பேஸ் என்பது ஒரே ஆள் இல்லை.

உங்கள் போனில் ஈக்வலைசர் இருக்கும். ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் ஐந்து பொத்தான்: 60Hz, 230Hz, 910Hz, 3.6kHz, 14kHz. எல்லாவற்றையும் நடுவில் வைத்து, உங்களுக்கு மனப்பாடமான ஒரு கச்சேரித் துண்டைப் போடுங்கள். முதலில் 60-ஐ மட்டும் ஏற்றிக் கேளுங்கள். பிறகு அதை நடுவுக்குக் கொண்டுவந்து 230-ஐ மட்டும் ஏற்றுங்கள். பாடகர் எப்போது சுவருக்குப் பின்னால் போகிறார் என்று வந்து சொல்லுங்கள். அதற்கு முன் எதுவும் வாங்க வேண்டாம்.

கல்லணை — பிப்ரவரி 7, இரவு 11.30

இரண்டு நாள் இதிலேயே போனது. எக்ஸ்ட்ரா பேஸ் ஹெட்போனிலேயே செய்தேன், அது ஏற்கெனவே தூக்கலாக இருப்பதால் குழப்பம்தான் மிஞ்சியது. பிறகு போனோடு வந்த பழைய இயர்போனை எடுத்தேன். அதில் கதை புரிந்தது.

60-ஐ மேலே வரை ஏற்றினால் கச்சேரியில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. மேடை மரப்பலகையில் யாரோ கால் வைத்தது போல ஒரு அதிர்வு, அவ்வளவுதான். பாடகர் அதே இடத்தில் இருக்கிறார். அதே அமைப்பில் புதிய சினிமாப் பாட்டைப் போட்டால் வயிற்றில் இடிக்கிறது.

230-ஐ ஏற்றினேன். வந்துவிட்டது சுவர்! தொப்பி உப்பிப் போய், தம்புரா ஈரத்துணி போர்த்தியது போல ஆகி, பாடகர் வாயில் கொழுக்கட்டை வைத்துக்கொண்டு பாடுகிறார். இரண்டையும் நான் இதுவரை "பேஸ்" என்ற ஒரே சொல்லில்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. 230-ஐ நடுவுக்குக் கீழே கொஞ்சம் இறக்கியபோது எக்ஸ்ட்ரா பேஸ் ஹெட்போனில்கூட சாகித்யம் காதில் விழ ஆரம்பித்தது. 60-ல் கையே வைக்கவில்லை. அப்படியானால் என் முதல் பதிவில் சொன்ன "பேஸ் அதிகமான டியூனிங் வேண்டாம்" என்பது பாதி தப்பு.

மிக்ஸர் மேசை — பிப்ரவரி 8, காலை 7.10

அதுதான். ஒரு கட்டையில் பாடும் ஆண் குரலுக்கு மத்திய ஸட்ஜம் 131 ஹெர்ட்ஸ் பக்கம். ஐந்து கட்டையில் பாடும் பெண் குரலுக்கு 196. தொப்பியின் கும்காரமும் ஏறக்குறைய அந்த வட்டாரத்தில்தான் குடியிருக்கிறது. ஆக 100-லிருந்து 250 வரை தூக்கிவிட்டால் குரலின் அடிப்பகுதியும் தொப்பியும் சேர்ந்து வீங்கும். ஆனால் நீங்கள் சொல்லைப் புரிந்துகொள்வது அங்கே இல்லை. க, ட, ப, ற எல்லாம் பிரிந்து தெரிவது 2,000-லிருந்து 4,000 வரை. கீழே உரக்க ஒலித்தால் அது மேலே இருக்கும் மெல்லிய ஒலியை மூடும். மேலே இருப்பது கீழே இருப்பதை அந்த அளவுக்கு மூடாது. காதின் இயல்பு அது.

60-க்குக் கீழே கச்சேரியில் ஆளே இல்லை. அதனால்தான் அங்கே தூக்கினாலும் பாடகருக்கு ஆபத்தில்லை. சினிமாப் பாட்டில் சின்தசைசர் பேஸும் கிக் டிரம்மும் அங்கே இருக்கும்.

கடையில் "பேஸ் ஹெட்போன்" என்று விற்கும் மலிவான சரக்கில் பெரும்பாலும் 100-க்கு மேலேதான் தூக்குவார்கள். கடையில் நின்று கேட்பவருக்கு அது சட்டென்று பிடிபடும்.

நேர்கோடு — பிப்ரவரி 8, மதியம் 1.30

நான் சொன்னதும் இதுதானே, தூக்காமல் நேராக விட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

மிக்ஸர் மேசை — பிப்ரவரி 8, இரவு 10.15

இல்லை தம்பி. எப்படி அளக்கிறார்கள் என்று பாருங்கள். செயற்கைக் காது பொருத்திய கருவியின் மேல் ஹெட்போனை மாட்டி, செவிப்பறை இருக்கும் இடத்தில் மைக் வைத்து அளப்பார்கள். எதிரே ஒருவர் நின்று பாடினால் அந்த ஒலி காதுமடலில் பட்டு, காதுக்குழாயில் எதிரொலித்துத்தான் செவிப்பறைக்குப் போகிறது. அந்தக் குழாயே 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலியைப் பெரிதாக்கும். பிறந்ததிலிருந்து நமக்கு அதுதான் "இயல்பு". ஹெட்போனோ, இயர்போனோ அந்தப் பாதையைச் சுருக்கிவிடுகிறது. ஆகவே இழந்ததை ஹெட்போனே திருப்பித் தர வேண்டும். நல்ல பேலன்ஸ்டு ஹெட்போனின் கிராஃபில் 3,000 பக்கம் ஒரு குன்று இருக்கும். அந்தக் குன்று இல்லாமல் கோடு நேராக இருந்தால் குரல் தொலைவில், மந்தமாகக் கேட்கும்.

சென்ஹைசர் எச்டி 600-ஐப் பேலன்ஸ்டுக்கு உதாரணமாகப் பலர் காட்டுவார்கள். அதன் கிராஃபைத் தேடிப் பாருங்கள், நேர்கோடு இருக்கிறதா என்று.

நேர்கோடு — பிப்ரவரி 9, காலை 6.50

பார்த்தேன். குன்று இருக்கிறது. கீழ் பேஸ் வேறு இறங்கிப் போகிறது, அதையும் பேலன்ஸ்டு என்கிறார்கள். அப்படியானால் கிராஃபை வைத்து எதைத்தான் சொல்வது? பெயரை மாற்றிக்கொள்ள மாட்டேன், ஆனால் முதல் பதிவில் எழுதியதை யாரும் நம்பி வாங்க வேண்டாம்.

மிக்ஸர் மேசை — பிப்ரவரி 9, காலை 9.00

ஒரே கருவியில் அளந்த இரண்டு ஹெட்போனை ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஒப்பிடுங்கள். உங்களிடம் இருப்பதோடு புதியதை ஒப்பிட்டால் "இதைவிட 200-ல் குறைவு, 6,000-ல் அதிகம்" என்று சொல்ல முடியும். அது உதவும். 8,000-க்கு மேலே வரும் பள்ளமும் மேடும் பாதி அந்தக் கருவியுடையது. உங்கள் காதில் வேறு இடத்தில் வரும்.

கல்லணை — பிப்ரவரி 11, மாலை 6.45

ஞாயிறு என்பதால் கடைக்குப் போனேன். மூன்று ஹெட்போன் மாட்டிப் பார்த்தேன். முதலாவது மறுபடியும் தொப்பி. இரண்டாவது பேலன்ஸ்டு என்றார் கடைக்காரர், எனக்கு அது பிரைட்டாக இருந்தது, கொஞ்சம் தகரம்கூட. மூன்றாவது பிரமாதம்: ஜால்ராவின் கடைசி அதிர்வு வரை கேட்கிறது, வயலினில் வில் உரசுவதுகூடத் தெரிகிறது. மூன்றாவதை வாங்கிவிடலாமா என்று இருக்கிறது.

கல்லணை — பிப்ரவரி 11, இரவு 9.20

வீட்டுக்கு வந்து யோசித்ததும் இரண்டு சந்தேகம்.

ஒன்று, கடையில் ஏசியும் பக்கத்துக் கடை ஸ்பீக்கரும் ஓடிக்கொண்டிருந்தன. நான் வீட்டில் வைப்பதைவிட நிச்சயம் ஒலியை ஏற்றி வைத்திருந்தேன். இரண்டு, மூன்றாவதை நான் கேட்டது மொத்தம் நான்கு நிமிடம். நண்பனின் ஹெட்போனும் முதல் நான்கு நிமிடம் பிரமாதமாகத்தான் இருந்தது.

ஓய்வு 2019 — பிப்ரவரி 12, காலை 5.30

தம்பி கல்லணை, எனக்கு வயது அறுபத்து மூன்று. உங்கள் நண்பருடையது என்ன ஹெட்போன் என்று தெரியவில்லை, ஆனால் என் மகன் வாங்கித் தந்த பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோவைப் பிரைட் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். என் பேரன் ஒரு நிமிடம் மாட்டிவிட்டு "தாத்தா, காது கூசுது" என்று கழற்றி வைத்தான். எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. மற்ற ஹெட்போனில் தெரியாமல் போன தாளக்கட்டை இதில் கேட்கிறேன். முப்பது வருடம் வகுப்பறையில் கத்திய காது. பிரைட் என்றால் கெடுதல் என்று எழுதிவிடாதீர்கள்.

கல்லணை — பிப்ரவரி 12, காலை 8.05

ஐயா, நான் எழுதியது என் காதுக்கு மட்டும்தான். முதல் பதிவில் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டேன், அது தப்பு.

மிக்ஸர் மேசை — பிப்ரவரி 12, இரவு 8.30

ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. வயதாகும்போது முதலில் குறைவது மேல் ஒலிதான். அவருக்கு டிடி 990 தருவது, குறைந்த இடத்துக்கு ஒரு ஈடு. ஆனால் ஒரே ஒரு எச்சரிக்கை ஐயா: கூசவில்லை என்பதற்காக ஒலியை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். கூச்சம் தெரியாவிட்டாலும் காதுக்குள் அழுத்தம் அதே அழுத்தம்தான்.

கல்லணை, கடையில் கண்ணாடி போட்டிருந்தீர்களா?

கல்லணை — பிப்ரவரி 12, இரவு 8.50

போட்டிருந்தேன். அது இல்லாமல் விலைச்சீட்டே தெரியாது. ஏன் அண்ணே?

மிக்ஸர் மேசை — பிப்ரவரி 12, இரவு 9.40

உங்கள் கண்ணாடியின் காம்பு தடிமனா? மூடிய ஹெட்போனின் மெத்தை தலையில் ஒட்டி உட்கார்ந்தால்தான் கீழ் பேஸ் உள்ளே நிற்கும். காம்பு மெத்தையைத் தூக்கிப் பிடித்தால் அந்த இடுக்கு வழியாக முதலில் கசிவது பேஸ். ட்ரெபிள் அப்படியே இருக்கும். பேஸ் போய் ட்ரெபிள் மட்டும் மிஞ்சினால் உங்களுக்கு அது பிரைட். கடைக்காரர் பேலன்ஸ்டு என்றது பொய்யாக இருக்க வேண்டியதில்லை.

பாட்டு ஓடும்போது இரண்டு பக்கமும் உள்ளங்கையால் லேசாக அழுத்துங்கள். பேஸ் சட்டென்று கூடினால் கசிவு இருக்கிறது என்று அர்த்தம். காதுக்குள் செருகும் இயர்போனுக்கும் இதே பாடம்தான், அங்கே காரணம் ரப்பர் முனையின் அளவு. எனக்கு இடது காதுக்கு நடுத்தரம், வலது காதுக்குப் பெரியது. இரண்டிலும் ஒரே அளவு போட்டிருந்த காலத்தில் பாடகர் இடது பக்கம் நகர்ந்து உட்கார்ந்திருந்தார்.

கல்லணை — பிப்ரவரி 13, இரவு 10.10

அலுவலகம் முடிந்து அதே கடைக்குப் போனேன். இரண்டாவதை மாட்டி, கண்ணாடியோடு கேட்டேன்: தகரம். கண்ணாடியைக் கழற்றினேன்: தகரம் போய்விட்டது! தம்புராவுக்கு உடம்பு வந்தது. தொப்பி இருக்கிறது, பாடகரும் இருக்கிறார், யாரும் யாரையும் தள்ளவில்லை. கடைக்காரர் என்னைக் கொஞ்சம் விநோதமாகத்தான் பார்த்தார், ஆனால் நாற்காலி போட்டுக் கொடுத்தார்.

மூன்றாவதையும் கண்ணாடி இல்லாமல் இருபது நிமிடம் கேட்டேன். கசிவு இல்லாமலும் அது பிரைட்தான். ஜால்ரா இன்னும் அழகு, ஆனால் பத்தாவது நிமிடத்தில் "ஸ்ரீ" என்று வந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். கணீர் எங்கே முடிந்து கீச் எங்கே தொடங்குகிறது என்று அந்த ஒரு எழுத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது.

கடைக்குப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: "ஸ", "ஷ" நிறைய வரும் பாட்டு ஒன்றைப் போனில் எடுத்துக்கொண்டு போங்கள். கடைக்காரர் போடும் பாட்டை நம்ப வேண்டாம், அது அந்த ஹெட்போனுக்காகத் தேர்ந்தெடுத்த பாட்டாக இருக்கும்.

பெருங்களத்தூர் — பிப்ரவரி 14, காலை 9.25

மைக் வேறு, இது வேறு என்று இப்போது புரிகிறது. கேட்டதற்குப் பதில்: தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை மின்சார ரயில். என்னிடம் இருப்பதும் பேஸ் தூக்கல்தான். ரயிலில் எனக்குப் பேஸ் அதிகம் என்றே தோன்றியதில்லை, சரியாக இருக்கிறது. வீட்டில் போட்டால்தான் தலைவலி. ஹெட்போன் மாறுகிறதா, நான் மாறுகிறேனா?

கல்லணை — பிப்ரவரி 17, மாலை 5.00

பெருங்களத்தூரின் கேள்வியை வைத்துக்கொண்டு இன்று பேருந்தில் ஏறினேன், திருவெறும்பூரிலிருந்து சத்திரம் வரை. என்னுடைய எக்ஸ்ட்ரா பேஸை மாட்டினேன். அதிசயம், பாடகர் முன்னால் நிற்கிறார். தொப்பி அளவாக இருக்கிறது. சிக்னலில் ஓட்டுநர் என்ஜினை நிறுத்தினார், தொப்பி வீங்கியது. வண்டி கிளம்பியது, திரும்ப அடங்கியது.

என்ஜின் உறுமல் எல்லாம் கீழ் ஒலி. அது பேஸை மூடிவிடுகிறது, மிச்சம் இருப்பது எனக்குப் பேலன்ஸ்டாகத் தெரிகிறது. அண்ணன் எட்டாம் தேதி எழுதியதை அப்படியே பேருந்துக்குப் பொருத்தினேன், சரியா அண்ணே?

அப்படியானால் முதல் பதிவில் நான் திட்டிய ஹெட்போன் பேருந்துக்குச் சரியான ஹெட்போன். இது எனக்கு நிஜமாகவே சந்தோஷம், 2,900 ரூபாய் வீணாகவில்லை.

மிக்ஸர் மேசை — பிப்ரவரி 17, இரவு 10.30

சரிதான். இரைச்சலைக் குறைக்கும் ஹெட்போன்களும் பெரும்பாலும் அந்தக் கீழ் உறுமலைத்தான் நன்றாகக் குறைக்கும். அதைப் போட்டுவிட்டால் பேருந்திலும் பேஸ் தூக்கல் தேவைப்படாது. சோனியின் டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்4 வைத்திருப்பவர்கள் பேஸ் அதிகம் என்று சொல்வதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்: வெளியே உறுமல் போய்விட்டது, உள்ளே தூக்கல் அப்படியே இருக்கிறது. அதற்கு ஆப்பில் ஈக்வலைசர் உண்டு, இறக்கிக்கொள்ளலாம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒலியை மிகக் குறைத்து வைத்தால் நம் காதுக்கு முதலில் காணாமல் போவது பேஸ். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து சொன்ன விஷயம். நள்ளிரவில் வீட்டார் தூங்கும்போது மெல்லிய ஒலியில் கேட்டால் பேலன்ஸ்டு ஹெட்போன்கூடச் சப்பென்று இருக்கும்.

கல்லணை — பிப்ரவரி 18, காலை 7.30

அதனால்தான் கடையில் ஏற்றிக் கேட்டது எல்லாம் "பேஸ் நல்லா இருக்கு" என்று தோன்றியதா! ஒலி அளவைச் சமமாக வைக்காமல் நான் இதுவரை செய்த ஒப்பீடு எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டும்.

கல்லணை — பிப்ரவரி 24, இரவு 11.50

செய்துவிட்டேன், இந்த முறை கணினியில். ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருளை நிறுவி, அது கேட்கும்போது ஹெட்போன் செருகியிருக்கும் கருவியைத் தேர்ந்தெடுத்து, கணினியை ஒரு முறை அணைத்து எழுப்பினால் போதும். `config.txt` என்ற கோப்பில் எழுதிச் சேமித்ததும் ஒலி மாறிவிடும். ஒரே ஹெட்போனில் நான்கு குணத்தையும் மாற்றி மாற்றிக் கேட்கலாம். பேலன்ஸ்டுக்கு இந்த ஒரு வரி மட்டும்:

```
Preamp: -6 dB
```

கீழ் பேஸ் தூக்கல்:

```
Preamp: -6 dB
Filter 1: ON LSC Fc 105 Hz Gain 6 dB Q 0.7
```

சுவர்:

```
Preamp: -6 dB
Filter 1: ON PK Fc 200 Hz Gain 6 dB Q 0.8
```

பிரைட்:

```
Preamp: -6 dB
Filter 1: ON HSC Fc 5000 Hz Gain 6 dB Q 0.7
```

முதலில் பேலன்ஸ்டில் `Preamp` வரி இல்லாமல் செய்தேன். அது மற்றதைவிட உரத்து ஒலித்ததால் ஒவ்வொரு முறையும் அதுவே வென்றது. அண்ணனிடம் தொலைபேசியில் கேட்டபோது நான்கிலும் அதே வரியை வைக்கச் சொன்னார். அப்போது நடு ஒலி நான்கிலும் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கிறது, மாறுவது நாம் மாற்றிய இடம் மட்டும்.

சமமாக வைத்ததும் என் தீர்ப்பு மாறியது. கச்சேரிக்குப் பேலன்ஸ்டு, அதில் மாற்றமில்லை. ஆனால் சினிமாப் பாட்டுக்கும், இரவு மெல்லக் கேட்பதற்கும் கீழ் பேஸ் தூக்கியதே பிடித்திருக்கிறது, பாடகருக்கு ஒன்றும் ஆகவில்லை. சுவர் எதற்குமே பிடிக்கவில்லை. பிரைட்டைக் கதை வாசிக்கும் ஒலிநூலுக்குப் போட்டுப் பார்த்தேன். பழைய பதிவு, மந்தமான மைக். அதற்கு அது மருந்து மாதிரி இருந்தது.

என் வீட்டில் அவள் கேட்டுவிட்டு "முதலாவதும் நாலாவதும் ஒண்ணுதானே" என்றாள். இரண்டு முறை மாற்றிப் போட்டேன், அதே பதில். எனக்கு அந்த வித்தியாசம் சுவரில் ஆணி அடிப்பது மாதிரி தெரிகிறது.

நேர்கோடு — பிப்ரவரி 25, காலை 10.00

நானும் செய்தேன். எனக்கு 105-ல் ஆறு டெசிபல் தூக்கியதுதான் பிடித்தது. இதை எழுதக் கை வரவில்லை, ஆனால் மூன்று முறையும் அதுவேதான். ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் குழு ஆயிரக்கணக்கில் ஒப்பீடு செய்து ஒரு கோட்டை வரைந்திருக்கிறார்கள் என்று படித்தேன், அதிலும் கீழ் பேஸ் தூக்கலாகத்தான் இருக்கிறது.

மிக்ஸர் மேசை — பிப்ரவரி 25, இரவு 9.15

ஆமாம். நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கரைக் கேட்டால் அறையே கொஞ்சம் பேஸைக் கூட்டும், அந்தப் பழக்கத்துக்கு ஹெட்போன் ஈடு தர வேண்டும் என்பது அதன் பின்னால் உள்ள எண்ணம். அந்த ஆய்வில் ஏறக்குறைய 64 சதவீதம் பேருக்கு அந்தக் கோடு பிடித்தது. 15 சதவீதம் பேர் இன்னும் பேஸ் கேட்டார்கள், 21 சதவீதம் பேர் குறைத்துக் கேட்டார்கள். பேஸ் வேண்டும் என்பது குற்றமில்லை தம்பி.

என் சொந்தக் காதுக்கு அந்தக் கோடு மேலே கொஞ்சம் அதிகம். கச்சேரி மேடைக்குப் பக்கத்திலேயே இருபது வருடம் உட்கார்ந்தவனுக்கு அப்படித் தோன்றலாம், மற்றவர்க்கு அப்படி இல்லாமல் இருக்கலாம். இதில் நானும் ஹார்மனும் ஒத்துப்போகவில்லை.

ஓய்வு 2019 — பிப்ரவரி 26, காலை 5.45

என் மகன் அந்த `HSC` வரியைப் போட்டுக் காட்டினான். டிடி 990-ல் இல்லை, சாதாரண இயர்போனில். எனக்குப் பாதி தூரம் வந்துவிட்டது. ஆறுக்குப் பதில் எட்டு போட்டபோதுதான் தாளம் தெளிந்தது. புதிது வாங்காமல் இப்படியே இருந்துவிடலாமா தம்பி?

மிக்ஸர் மேசை — பிப்ரவரி 26, காலை 9.10

இருக்கலாம் ஐயா. `Preamp` வரியையும் `-8 dB` ஆக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உரத்த இடத்தில் கரகரக்கும். ஒரு முறை காது மருத்துவரிடம் அளந்தும் பார்த்துவிடுங்கள், இரண்டு காதும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதில்லை.

பெருங்களத்தூர் — பிப்ரவரி 27, காலை 9.30

புதிய ஹெட்போனை நூறு மணி நேரம் பாட வைத்தால் பேஸ் அடங்கும் என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். உண்மையா?

மிக்ஸர் மேசை — பிப்ரவரி 27, இரவு 10.00

மெத்தை தலைக்குப் படிந்தால் கசிவு மாறும், அதனால் பேஸ் மாறும். மற்றபடி பெரும்பாலும் பழகுவது உங்கள் காது. பிடிக்காத ஹெட்போனை நூறு மணி நேரம் அலமாரியில் பாட வைப்பதைவிட, திருப்பித் தரும் நாட்களுக்குள் திருப்பித் தாருங்கள்.

நேர்கோடு — பிப்ரவரி 27, இரவு 10.25

மெத்தை மட்டும் இல்லை, உள்ளே இருக்கும் சவ்வும் தளரும் என்று நினைக்கிறேன். என்னுடையது மாறியது.

கல்லணை — மார்ச் 3, இரவு 9.00

இரண்டாவதை வாங்கிவிட்டேன், 4,600 ரூபாய். கடையில் நாற்காலி அதே இடத்தில் இருந்தது. கண்ணாடிக்கு மெல்லிய கம்பிக் காம்பு போட்டு வாங்கினேன், 700 ரூபாய். இப்போது மாட்டிக்கொண்டே அழுத்திப் பார்த்தால் பேஸ் இம்மியும் கூடவில்லை.

எக்ஸ்ட்ரா பேஸ் பேருந்துப் பையில் இருக்கிறது. அதில் 230-ஐ இரண்டு கோடு இறக்கி வைத்திருக்கிறேன்.

கல்லணை — மார்ச் 5, இரவு 11.40

ஒரு விஷயம் மட்டும் பிடிபடவில்லை. புதியதில் எல்லாக் கச்சேரியும் சரியாக இருக்கிறது, அப்பா கேசட்டிலிருந்து மாற்றித் தந்த ஒரு பதிவில் மட்டும் "ஸ" திரும்பவும் குத்துகிறது. பழைய எக்ஸ்ட்ரா பேஸில் அதே பதிவு குத்தவில்லை. அண்ணே, இது பதிவின் குணமா, ஹெட்போனின் குணமா? துண்டை உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன், 2 நிமிடம் 10 நொடியிலிருந்து கேளுங்கள்.